மாங்காய்க்கு எத்தனை புள்ளி?

பட்டுக்கடை, நகைக்கடை, ஊறுகாய் கம்பெனி என்று எந்தப் போர்டைப் பார்த்தாலும் எங்காவது ஒரு மாங்காய் இருக்கும். சேலைக் கரையிலிருந்து இறங்கி வந்த அதே மாங்காய்தான். கீழே பருத்த வயிறு, மேலே போகப்போக ஒடுங்கி ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. கடைக்காரர் அதை ஒரு தாளில் கையால் வரைந்து கொடுப்பார். இல்லாவிட்டால் பழைய பில் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து நீட்டுவார். போர்டு செய்பவர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் விளிம்புக் கோடாக மாற்றினால்தான் லேசர் மெஷின் அக்ரிலிக் தகட்டை வெட்டும்.

வெட்டி மாட்டிய பிறகு சில மாங்காய்கள் மட்டும் ஒரு மாதிரி இருக்கும். அளவு சரியாகத்தான் இருக்கிறது. மூலப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கோடு அரை மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் விலகவில்லை. ஆனாலும் முதுகுப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் விளிம்பு நெளிகிறது, யாரோ நகத்தால் அழுத்தி அழுத்தி வைத்ததைப் போல. செய்தவர் அவசரப்பட்டு அள்ளித் தெளித்த வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது மிகப் பொறுமையாக, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நாற்பது ஐம்பது புள்ளி வைத்து வரைந்த கோடாகவே இருக்கும். அந்தப் பொறுமைதான் கோட்டைக் கெடுத்தது.

வரைகலை மென்பொருள்களில் வழவழப்பான வளைகோட்டுக்கு ஸ்பிளைன் என்று பெயர். அதை வரைய இரண்டு வழி உண்டு. ஃபிட் பாயின்ட் முறையில், வைக்கிற ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கோடு போயே தீரும். கன்ட்ரோல் பாயின்ட் முறையில் புள்ளிகள் கோட்டை விட்டுத் தள்ளி வெளியே நிற்கும். கோடு அவற்றின் பக்கம் இழுபடுமே தவிர, முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டுமே தொடும். வாசலில் போடுகிற வழக்கத்தை வைத்துச் சொன்னால், முதலாவது புள்ளிகளை இணைத்துப் போடும் கோலம். இரண்டாவது புள்ளிகளைத் தொடாமல் வளைந்து போகும் சிக்குக் கோலம்.

ஆட்டோகேடில் SPLINE என்று அடித்து Method என்ற தேர்வுக்குப் போனால் Fit, CV என்று இரண்டும் இருக்கும். ஃபியூஷனில் Fit Point Spline, Control Point Spline. ரைனோவில் InterpCrv, Curve. பெயர் மாறினாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான். படத்தை அடியில் வைத்துக்கொண்டு மேலே கோடு போட உட்காருகிறவருக்கு ஃபிட் பாயின்ட்டைத் தேடித்தான் கை போகும். படத்தில் கோடு இருக்கிறது, அதன் மேலேயே கிளிக் செய்துகொண்டு போகலாம், இதைவிட எளிது என்ன என்று தோன்றும்.

இந்த முறை கம்ப்யூட்டருக்கு முந்தியது. கப்பல் கட்டும் தளங்களில் கப்பலின் வளைவுகளை முழு அளவில் தரையிலேயே வரைவார்கள். நீளமான மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, அது நகராமல் இருக்க ஆங்காங்கே ஈயக் கட்டிகளை வைத்துப் பிடித்து, சட்டத்தின் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். மூக்கு நீண்ட அந்தக் கட்டிகளுக்கு வாத்து என்றே பட்டறைப் பெயர். சட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: தன்னைப் பிடித்திருக்கும் கட்டிகளுக்கு இடையில், முடிந்த மட்டும் குறைவாக வளைந்துதான் அது உட்காரும். விமானத் தொழிற்சாலைகளிலும் இதே வேலைதான் நடந்தது. கணித அறிஞர் ஐசக் ஷோன்பெர்க் 1946-இல் இந்தச் சட்டத்தின் நடத்தையைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து, அந்தக் கோடுகளுக்கு ஸ்பிளைன் என்ற சட்டத்தின் பெயரையே வைத்தார். இன்றைய ஃபிட் பாயின்ட் ஒவ்வொன்றும் ஓர் ஈயக் கட்டிதான்.

அந்தத் தளங்களில் கோடு இழுக்கும் முன் ஒரு சோதனை செய்வார்கள். ஒரு கட்டியை மட்டும் தூக்கிப் பார்ப்பது. சட்டம் அசையாமல் இருந்தால் சரி. துள்ளி நகர்ந்தால், அந்தக் கட்டி சட்டத்தை அதன் விருப்பத்துக்கு மாறாக நெருக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். திரையிலும் இதைச் செய்யலாம். ஒரு ஃபிட் பாயின்ட்டை அழித்துப் பாருங்கள். கோடு சற்றும் நகரவில்லை என்றால் அந்தப் புள்ளி தேவையே இல்லை. நகர்ந்து முன்னைவிட அழகானால், அழித்தது நல்லதாயிற்று.

புள்ளி கூடினால் ஏன் நெளிகிறது என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று இருக்கிறது. மாங்காய் 300 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முதுகு ஏறக்குறைய 150 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டு போல வளைகிறது. எவ்வளவு நிதானமானவர் கிளிக் செய்தாலும் அரை மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் போகும். 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒன்று உள்ளே அடுத்தது வெளியே என்று அரை மில்லிமீட்டர் தவறினால், 20 மி.மீ.க்கு ஓர் அலை உருவாகிறது. அந்த அலையின் உச்சியில் இருக்கும் வளைவு, 20 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் வளைவுக்குச் சமம். முதுகின் நிஜமான வளைவைவிட ஏழு மடங்குக்கு மேல் கடுமையானது. அதாவது வெளிப்பக்கம் புடைக்க வேண்டிய முதுகு, 20 மி.மீ.க்கு ஒரு முறை உள்பக்கம் குழிகிறது. அரை மில்லிமீட்டர் விலகலைக் கண் பொருட்படுத்தாது. புடைப்பு குழியாக மாறுவதை உடனே பிடித்துவிடும்.

அதே கை, அதே அரை மில்லிமீட்டர் தவறு. ஆனால் புள்ளிகளை 60 மி.மீ. இடைவெளியில் வைத்தால்? இடைவெளி ஆறு மடங்கு கூடும்போது அலையின் வளைவு முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஏனென்றால் அது இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இப்போது அந்தத் தவறு, முதுகின் வளைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாற்றத்தை மட்டுமே தரும். குழி விழாது. முதுகு சற்றே வேறு முதுகாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நெளிவைப் பார்த்ததும் ஒரு ஃபிட் பாயின்ட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யத் தோன்றும். இழுத்தால் பக்கத்துத் துண்டு எதிர்ப்பக்கம் புடைக்கும். அதற்கு அடுத்தது மறுபக்கம், ஏறக்குறைய கால் பங்கு அளவில். இப்படிக் குறைந்துகொண்டே போனாலும், கணக்குப்படி கோடு முழுவதும் அசைகிறது. ஒன்றைச் சரிசெய்ய இரண்டு கெடும். அந்த இரண்டைச் சரிசெய்யப் போனால் நான்கு.

கன்ட்ரோல் பாயின்ட் முறையின் வேர் கார்த் தொழிற்சாலைகளில் இருக்கிறது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஷோ 1959-இலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே அடுத்து வந்த ஆண்டுகளிலும், காரின் உடல் வளைவுகளைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் புள்ளிகளால் ஆட்டுவிக்கும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நம் மென்பொருள்களில் இருக்கும் ஸ்பிளைன் அந்த யோசனையின் வளர்ந்த வடிவம்.

இதில் மூன்று குணங்கள் தெரிந்தால் போதும். முதலாவது, கோட்டின் நடுப்பகுதியில் ஒரு கன்ட்ரோல் பாயின்ட்டை 3 மி.மீ. நகர்த்தினால் அருகிலுள்ள கோடு 2 மி.மீ. நகரும். கையின் தவறும் அதே கணக்கில் குறைந்துதான் கோட்டை வந்து சேரும். அடுத்தது, வழக்கமான மூன்றாம் படி ஸ்பிளைனில் ஒரு புள்ளியின் ஆட்சி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு துண்டுகளோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் கோடு துளியும் அசையாது.

மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிய வரம். கன்ட்ரோல் பாயின்ட்களை வரிசையாக இணைக்கும் மெல்லிய கோட்டுச் சட்டகம் திரையில் தெரியும். அந்தச் சட்டகம் எத்தனை முறை இடவலமாகத் திரும்புகிறதோ, அதைவிட அதிகமாகக் கோடு திரும்பவே முடியாது. இது கணிதத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே கோட்டைக் கண் வலிக்கப் பார்த்து நெளிவு தேட வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு மூலைகள் உள்ள சட்டகத்தைப் பார்த்தால் போதும். அது ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் கோட்டில் நெளிவு இருக்க வழியே இல்லை.

இனி மாங்காயை வரைந்துவிடலாம். போனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம், வட்டம் முட்டையாகிவிடும். ஸ்கேனரில் தட்டையாக வைத்து எடுப்பது நல்லது. எடுக்கும் முன் தாளின் ஓரத்தில் அடிக்கோல் வைத்து 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவிடுங்கள். ஆட்டோகேடில் IMAGEATTACH கட்டளையால் படத்தை உள்ளே கொண்டுவந்து, SCALE கட்டளையின் Reference தேர்வில் அந்த 100 மி.மீ. கோட்டின் இரு முனைகளையும் காட்டி வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். தாளில் 150 மி.மீ. உயரத்தில் வரைந்திருந்தால் போர்டுக்கு இரட்டிப்பாக்க வேண்டும், ஆகவே அந்தக் கோட்டுக்கு 200 என்று கொடுக்கவும். பிறகு படத்தை IMAGEADJUST கட்டளையில் வெளிறச் செய்து, அதன் பின் படம் இருக்கும் லேயரைப் பூட்டிவிட்டால் மேலே போடும் கோடு பளிச்சென்று தெரியும். F3, F8 இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளிக் ஒவ்வொன்றும் எதையாவது போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் வரைந்த ஸ்கெட்ச் பேனா கோடு 1 மி.மீ. தடிப்பு என்றால், இரட்டிப்பாக்கிய பிறகு 2 மி.மீ. ஆகிவிடும். மாங்காயின் விளிம்பு அந்தத் தடிப்பின் வெளி ஓரமா, உள் ஓரமா, நடுவா? நடு என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் 1 மி.மீ. வரை நமக்குச் சுதந்திரம் இருக்கிறது. அந்தத் தடிப்புக்குள் எங்கே போனாலும் அது அவர் வரைந்த மாங்காய்தான். அரை மில்லிமீட்டர் துல்லியத்துக்காகப் புள்ளி மேல் புள்ளி வைப்பது, அவர் கை நடுங்கியதையும் சேர்த்துப் பித்தளையில் செதுக்குகிற காரியம். தானாகவே ட்ரேஸ் செய்யும் மென்பொருள்களில் எனக்கு மனத்தாங்கல் இருப்பதும் இதனால்தான். அவை பேனாக் கோட்டின் இரண்டு ஓரங்களையும் தனித்தனி விளிம்பாக எடுத்து, இரண்டு கோட்டை நீட்டும்.

புள்ளி வைக்கும் முன் வடிவத்தை ஒரு முறை விரலால் சுற்றி வாருங்கள். மூக்கின் நுனியில் கூர்மை இருக்கிறது. அங்கே தொடங்கி, கொண்டையைத் தாண்டி, இடப்பக்க முதுகில் இறங்கி, வயிற்றைச் சுற்றி, வலப்பக்கம் ஏறும் வரை வளைவு ஒரே பக்கம்தான். கழுத்துக்கு வரும்போது வளைவு மறுபக்கம் திரும்புகிறது. பிறகு மூக்கின் அடிப்பக்கமாக நுனிக்கே வந்து சேர்கிறது. ஆக, இந்த மாங்காயில் ஒரு கூர்முனை, ஒரே ஒரு திருப்பம். நாம் போடும் சட்டகத்திலும் அதற்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது.

SPLINE கட்டளையில் CV முறையைத் தேர்ந்து, முதல் புள்ளியை நுனியின் மேலேயே வைக்கிறோம். இரண்டாவது புள்ளி, நுனியிலிருந்து கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டுமோ அந்தத் திசையில். கோடு கிளம்பும் திசையை நிர்ணயிப்பது இந்த இரண்டாம் புள்ளிதான். மூன்றாவது, கொண்டைக்கு மேலே கொஞ்சம் தள்ளி. நான்காவது, இடத் தோளுக்கு வெளியே. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் வயிற்றின் இடமூலை, அடி, வலமூலைக்கு வெளியே. எட்டாவது, வலப்பக்கம் வயிறு ஒடுங்கத் தொடங்கும் இடத்துக்கு வெளியே. ஒன்பதாவது மட்டும் கழுத்தின் குழிவைத் தாண்டி மாங்காய்க்குள்ளே நிற்கும், ஏனென்றால் அங்கே வளைவின் புடைப்பு உள்பக்கம். பத்தாவது, மூக்கின் அடிப்பக்க வளைவைக் காட்ட. பதினொன்றாவது மீண்டும் நுனி.

நுனியில் முடிக்கும்போது Close தேர்வைத் தொடாதீர்கள். அது இரு முனைகளையும் வழவழப்பாக இணைத்து, கூர்மையை மழுங்கடித்துவிடும். F3-ஐ மட்டும் திரும்ப உயிர்ப்பித்து, தொடங்கிய புள்ளியிலேயே கிளிக் செய்து என்டர் அடித்தால் போதும்.

முதல் முறை கோடு படத்தோடு பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சட்டகத்தை முதலில் பாருங்கள். நுனியிலிருந்து எட்டாவது புள்ளி வரை ஒவ்வொரு மூலையிலும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். ஒன்பதிலும் பத்திலும் வலப்பக்கம். இடையில் ஏதாவது ஒரு மூலை முரண்டு பிடித்தால் அதைத்தான் முதலில் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் படத்தோடு பொருத்தும் வேலை. வயிற்றின் அடி 4 மி.மீ. இறங்க வேண்டுமா? ஆறாவது புள்ளியை 6 மி.மீ. இறக்குங்கள். இந்தக் கோட்டில் மொத்தம் எட்டுத் துண்டுகள். ஆறாம் புள்ளி நடு நான்கை மட்டுமே அசைக்கும். கழுத்தும் மூக்கும் இருந்த இடத்தில் இருக்கும். இப்படி இரண்டு மூன்று சுற்று வந்தால் கோடு பேனாத் தடிப்புக்குள் அடங்கிவிடும். எங்காவது எவ்வளவு இழுத்தும் அடங்கவில்லை என்றால், அங்கே மட்டும் ஒரு புள்ளியைக் கூட்டலாம். பன்னிரண்டு வரை போகலாம். இருபதைத் தொட்டால் எங்கோ தவறு.

முத்திரையில் நேர்க்கோடான பகுதி இருந்தால் நான்கு கன்ட்ரோல் பாயின்ட்களை அடுத்தடுத்து ஒரே நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு உண்மையாகவே நேராகிவிடும். மூன்று மட்டும் நேராக நின்றால் கோடு ஒரு கணம் வளைவை இழந்து மீண்டும் வளையும். வேண்டாத தட்டைப் பகுதி பல நேரம் இப்படித்தான் வந்து சேர்கிறது. மாங்காய்க்குள் இருக்கும் பொட்டு வட்டம் என்றால் CIRCLE கட்டளையே போடுங்கள். அதற்கு ஸ்பிளைன் எதற்கு?

அப்படியானால் ஃபிட் பாயின்ட்டுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. புள்ளிகள் அளந்து வந்தவையாக இருக்கும்போது அதுதான் சரி. பழைய வீணையின் குடத்தை இத்தனை மி.மீ.க்கு ஒரு முறை காலிப்பரில் அளந்து எடுத்திருந்தால், கோடு அந்த அளவுகள் வழியாகப் போகத்தான் வேண்டும். ட்ரேஸ் செய்யும்போதும் ஒரு குறுக்குவழியாக அதைப் பயன்படுத்தலாம். வடிவத்தின் உச்சி, இடக்கோடி, அடி, வலக்கோடி என்று ஏழெட்டு இடங்களில் மட்டும் ஃபிட் பாயின்ட் வைத்துக் கோட்டைப் போட்டுவிட்டு, கோட்டைத் தேர்ந்ததும் தெரியும் சிறு முக்கோணத்தை அழுத்தி கன்ட்ரோல் பாயின்ட்களுக்கு மாறிவிடுவது. புள்ளிகளின் இடைவெளி ஏற்றத்தாழ்வாக இருந்து கோடு எங்காவது பை போலத் தொங்கினால், Knots தேர்வில் Square root கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். Tolerance என்ற தேர்வில் 0.5 கொடுத்தால், கோடு புள்ளிகளைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, அரை மில்லிமீட்டருக்குள் போனால் போதும் என்றாகும்.

மெஷினுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. OFFSET கட்டளையில் கோட்டை 20 மி.மீ. உள்ளே தள்ளிப் பாருங்கள். மூக்குப் பகுதி ஒடுங்கியது, அங்கே கோடு சிக்கிக்கொள்வது இயல்பு. முதுகை மட்டும் கவனியுங்கள். சுத்தமான முதுகு தள்ளிய பிறகும் சுத்தமாகவே இருக்கும். நாற்பது புள்ளி முதுகில், கண்ணுக்குத் தெரியாத நெளிவுகள் எல்லாம் கூர்கூராக முளைத்து வந்து நிற்கும். ரைனோ வைத்திருப்பவர்கள் CurvatureGraph கட்டளையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கோட்டின் மேல் சீப்புப் பற்கள் போல முட்கள் நிற்கும். வளைவு கூடும் இடத்தில் பல் நீளும், குறையும் இடத்தில் சுருங்கும். பற்களின் நுனிகள் மெதுவாக ஏறி இறங்கினால் கோடு நன்றாக இருக்கிறது.

கடைசியாக ஒரு கண்டம் பாக்கி. வெட்டும் மெஷின்களின் மென்பொருள் சிலவற்றுக்கு DXF கோப்பில் இருக்கும் ஸ்பிளைனைப் படிக்கத் தெரியாது. கோட்டைச் சிறு சிறு நேர்த்துண்டுகளாக மாற்றிக் கேட்கும். SPLINEDIT கட்டளையில் Convert to Polyline தேர்வு அதற்குத்தான். அது 0 முதல் 99 வரை ஓர் எண் கேட்கும். எண் பெரிதானால் துண்டுகள் பொடியாகும். 150 மி.மீ. ஆரமுள்ள முதுகில் 5 மி.மீ. துண்டு போட்டால் உண்மையான வளைவிலிருந்து 0.02 மி.மீ. மட்டுமே விலகும், யாருக்கும் தெரியாது. 15 மி.மீ. ஆரத்தில் திரும்பும் கொண்டையில் அதே 5 மி.மீ. துண்டு 0.2 மி.மீ. விலகும், விரலால் தடவினால் முனை முனையாகத் தட்டும். ஆகவே மாற்றிய பிறகு கொண்டையைப் பெரிதாக்கி, அங்கே ஒரு துண்டின் நீளத்தை DIST கட்டளையில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் விலகல் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளமாக இருந்தால் மாற்றியதை UNDO செய்து, எண்ணைக் கூட்டி மறுபடி மாற்றவும். ஸ்பிளைனாக இருந்த மூலக்கோட்டின் நகல் ஒன்றைத் தனி லேயரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கடைக்காரர் மூக்கைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி வந்தால், பாலிலைனின் நூற்றுக்கணக்கான முனைகளில் எதைப் பிடித்துத் தூக்குவது?